கீழ் ஸ்லாட்டில் ஓடும் கிராபிக்ஸ் கார்டு: எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: "ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. கடையில் கேபினட் மாற்றி, இரண்டாவது எம்.2 எஸ்.எஸ்.டி.யும் போட்டு வாங்கி வந்தேன். காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று கார்டைக் கீழ் ஸ்லாட்டில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. GPU-Z-இல் `PCIe x16 4.0 @ x4 1.1` என்று வருகிறது. கார்டு போய்விட்டதா? எஸ்.எஸ்.டி.தான் காரணமா?"

கார்டு போகவில்லை. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. அதில் `@` குறிக்கு இடப்பக்கம் இருப்பது கார்டால் முடிந்த உச்சம்: 16 லேன், அதாவது தரவு போய்வரும் 16 தடங்கள்; கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ பாதையின் நான்காம் தலைமுறை. வலப்பக்கம் இருப்பது இந்த நிமிடம் மதர்போர்டுடன் அது பேசிக்கொண்டிருக்கும் விதம்: 4 லேன், 1.1 வேகம். இந்த இரண்டு எண்களில் ஒன்று உங்களைப் பயமுறுத்தத் தேவையில்லாதது, மற்றொன்று உண்மையான குறை. பணிமனைக்கு வருகிறவர்களில் பலர் பயப்பட வேண்டாத எண்ணைப் பார்த்துப் பயந்து, பார்க்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

பயப்பட வேண்டாதது அந்த 1.1. கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க இணைப்பின் வேகத்தைத் தானே முதல் தலைமுறைக்கு இறக்கிக்கொள்ளும். வேலை வந்ததும் ஏறிவிடும். ஆகவே சும்மா இருக்கும் கணினியில் எடுத்த எண்ணை வைத்து வேகத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்யக் கூடாது. GPU-Z-இல் அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சிறிய படச் சோதனை ஒன்றை ஓட்டச் சொல்லும். ஓட்டிவிட்டு அந்த வரியை மறுபடி பாருங்கள். உங்கள் கணினியில் 1.1 மறைந்து 2.0 வரும் என்று எதிர்பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கும் x4 மட்டும் அசையாது. லேன் எண்ணிக்கை, கணினி தொடங்கும்போது கார்டும் மதர்போர்டும் கைகுலுக்கி முடிவு செய்துகொள்வது. பொதுவாகச் சுமை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறுவதில்லை. சுமையிலும் x4 என்றே நின்றால், நான்கு லேன்களுக்கு மேல் உங்கள் கார்டுக்குக் கிடைக்கவில்லை என்பது உறுதி.

என்விடியா கார்டு என்பதால் இதையே கட்டளை வரியிலும் சரிபார்க்கலாம். டிரைவருடனேயே வரும் நிரல் இது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே கட்டளைதான். விளையாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு இதைக் கொடுங்கள்:

```
nvidia-smi --query-gpu=pcie.link.gen.current,pcie.link.width.current --format=csv
```

`2, 4` என்று வந்தால், இரண்டாம் தலைமுறை வேகத்தில் நான்கு லேன் என்று பொருள். சரியான ஸ்லாட்டில் உங்கள் பிராசசருடன் `3, 16` வந்திருக்க வேண்டும். கார்டு நான்காம் தலைமுறையாக இருந்தும் 3 என்று வருவதற்குக் காரணம் பி450 போர்டு. அது மூன்றாம் தலைமுறை வரைதான் போகும். அதைக் குறையாகக் கருத வேண்டாம்.

இனி, கீழ் ஸ்லாட்டில் ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பார்ப்போம். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே நீளம், கார்டு இரண்டிலும் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் ஸ்லாட்டின் நீளம் பிளாஸ்டிக்கின் அளவு மட்டுமே. அதற்குள் எத்தனை லேன்கள் இழுக்கப்பட்டிருக்கின்றன, அவை எங்கிருந்து வருகின்றன என்பதை நீளம் சொல்லாது. உங்கள் ரைசன் 5 3600 பிராசசரிலிருந்து மொத்தம் 24 லேன்கள் புறப்படுகின்றன. 16 கிராபிக்ஸுக்கு, 4 முதல் எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு, மீதி 4, யுஎஸ்பி, சாட்டா போன்றவற்றைக் கவனிக்கும் மதர்போர்டின் துணைச் சிப்பான சிப்செட்டுக்கு. அந்த 16 லேன்களும் போய்ச் சேருவது மேல் ஸ்லாட்டில். கீழ் ஸ்லாட் பெரும்பாலான பி450 போர்டுகளில் பிராசசரைத் தொடுவதே இல்லை. அது சிப்செட்டின் கிளை. பி450 சிப்செட் தன் சொந்தக் கிளைகளுக்குக் கொடுப்பது இரண்டாம் தலைமுறை லேன்கள்தான்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் கண்ணில் அறையும். மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி கடத்தும். 16 லேனுக்குக் கிட்டத்தட்ட 15.75 ஜிபி. இரண்டாம் தலைமுறையில் ஒரு லேனுக்கு அரை ஜிபி. நான்குக்கு 2 ஜிபி. எட்டில் ஒரு பங்கு. காற்றோட்டத்துக்காக இரண்டு அங்குலம் கீழே இறக்கியதற்குக் கொடுத்த விலை இது. கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெப்பத்தைப் பற்றி அவர் நினைத்தது நியாயமானதே. ஆனால் கார்டை இறக்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருக்க வேண்டும்.

உங்கள் கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து நீங்களே பார்க்கலாம். மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, கார்டைக் கழற்றிவிட்டு, கைபேசி விளக்கை ஸ்லாட்டுக்குள் சாய்வாக அடியுங்கள். மேல் ஸ்லாட்டில் பித்தளை நிறக் கம்பிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீப்பின் பல் போல வரிசையாக இருக்கும். கீழ் ஸ்லாட்டில் பல போர்டுகளில் பின்பக்கத் தகட்டுக்கு அருகே ஆரம்பித்து, குறுக்குத் தடுப்பைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே கம்பிகள் நின்றுவிடும். அதற்கப்பால் வெறும் கறுப்புப் பள்ளம். நான்கு லேனுக்கான கம்பி அவ்வளவுதான். ஆனால் ஒன்று: கம்பிகள் குறைவாக இருந்தால் லேன் குறைவு என்பது நிச்சயம். கம்பிகள் முழுதாக இருந்தால் லேனும் முழுதாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில போர்டுகளில் கம்பிகளை முழுக்க வைத்துவிட்டு, அடியில் தடங்களை மட்டும் இழுக்காமல் விட்டிருப்பார்கள்.

லேன் குறைந்தால் படம் மொத்தமாக மெதுவாக வர வேண்டாமா, ஏன் திக்குகிறது என்று நீங்கள் கேட்கலாம். கார்டு தனக்கு வேண்டிய படத்துணுக்குகளைத் தன் சொந்த நினைவகத்தில் ஏற்கெனவே வைத்திருந்தால், பிசிஐஇ பாதையில் போக்குவரத்து குறைவு. அப்போது நான்கு லேனும் போதும். சராசரி பிரேம் எண்ணிக்கையும் பெரிதாக விழாது. நீங்கள் வேகமாக நகர்ந்து புதிய இடத்துக்குள் நுழையும்போது புதிய துணுக்குகள் மொத்தமாக வர வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தில் 15 ஜிபி பாதைக்குப் பதிலாக 2 ஜிபி பாதை இருந்தால் சரக்கு வந்து சேரும் வரை படம் காத்து நிற்கும். அதுதான் திக்கல். உங்கள் கார்டில் 12 ஜிபி நினைவகம் இருப்பதால் இந்த அளவோடு நிற்கிறது. 4 ஜிபி கார்டாக இருந்திருந்தால், நினைவகம் வழிந்து, ஒவ்வொரு பிரேமுக்கும் கணினியின் ராமை எட்டிப் பார்க்க வேண்டிவந்து, விளையாடவே முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

இந்த நெரிசலையும் கண்ணால் பார்க்கலாம். GPU-Z-இன் `Sensors` பக்கத்தில் என்விடியா கார்டுகளுக்கு `Bus Interface Load` என்று ஒரு கோடு ஓடும். விளையாடிக்கொண்டே அதைப் பதிவு செய்யுங்கள். திக்கும் கணங்களும் அந்தக் கோடு உயரும் கணங்களும் ஒன்றோடொன்று பொருந்தினால் காரணம் பாதைதான். கோடு தாழ்வாகவே இருக்கும்போதும் திக்கினால் வேறு இடத்தில் தேட வேண்டும்: ஒற்றை ராம் துண்டு, பிராசசரின் வெப்பம், புதிய கேபினட்டில் சரியாக மாட்டப்படாத மின்விசிறி. இந்த இரண்டில் உங்கள் கணினியில் எது என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. லேன் குறைந்திருக்கிறது என்பது உறுதி; திக்கல் முழுவதும் அதனால்தானா என்பது அந்தக் கோட்டைப் பார்த்தபின்தான் தெரியும்.

இப்போது எஸ்.எஸ்.டி. பற்றி. "எம்.2 போட்டால் கார்டு மெதுவாகிவிடும்" என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. ஒன்று பாகப்பிரிவினை. பிராசசரின் 16 லேன்களில் ஒரு பகுதியை இரண்டாவது எம்.2 எடுத்துக்கொள்ளும்படி சில போர்டுகளை வடிவமைத்திருக்கிறார்கள். அதில் எஸ்.எஸ்.டி. செருகியதும் மேல் ஸ்லாட் 8 லேனாகச் சுருங்கிவிடும். சில பி450 போர்டுகளில் இது உண்டு. ஐந்தாம் தலைமுறை எம்.2 இடம் வைத்த சில இசட்790 போர்டுகளிலும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: GPU-Z-இல் மேல் ஸ்லாட்டில் இருந்தும் x8 என்று வரும், எஸ்.எஸ்.டி.யைக் கழற்றினால் x16 திரும்பும். கையேட்டிலும் ஸ்லாட் பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் கார்டுக்கு மூன்றாம் தலைமுறை 8 லேன் என்பது நொடிக்கு 7.9 ஜிபி. விளையாட்டில் அந்த இழப்பு மிகச் சிறியது. என் கணினியாக இருந்தால் அதற்காக எஸ்.எஸ்.டி.யை எடுக்க மாட்டேன்.

மற்றது ஒரே வாசலைப் பங்கிடுவது. இது எந்த மென்பொருளின் வரியிலும் தெரியாது. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிப்செட்டில் தொங்கும் எல்லாமே, கீழ் ஸ்லாட், சிப்செட் வழி வரும் எம்.2, சாட்டா வட்டுகள், நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி துளைகள், அத்தனையும் பிராசசரை அடைய ஒரே ஓர் இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும். பி450, பி550 இரண்டிலும் அந்த வாசல் மூன்றாம் தலைமுறை நான்கு லேன், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 3.9 ஜிபி. நாலைந்து பேர் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கல்யாண வீடியோக்களைத் தொகுக்கும் ஒருவர் தன் கணினியை என் பணிமனைக்குக் கொண்டுவந்தார். பி550 போர்டு. மேல் ஸ்லாட்டில் ஒரு வீடியோ கேப்சர் கார்டு, கீழ் ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எம்.2. "சில நேரம் நன்றாக ஓடுகிறது, சில நேரம் நகர மறுக்கிறது" என்பதுதான் புகார். கார்டை ஏற்கெனவே ஒருமுறை மாற்றிவிட்டிருந்தார். பணத்தைச் செலவழித்தபின்னும் குறை அப்படியே இருந்ததால் மிகவும் மனம் வெறுத்துப்போயிருந்தார். சுமையில் பார்த்தேன்: x4, 3.0. பி550 சிப்செட் கீழ் ஸ்லாட்டுக்கு மூன்றாம் தலைமுறை கொடுக்கும் என்பதால் உங்கள் பி450-ஐவிட அது இரண்டு மடங்கு வேகம். கணினியின் ராமிலிருந்து கார்டுக்குத் தரவு அனுப்பும் வேகத்தை அளந்தேன். நொடிக்கு 3.2 ஜிபி வந்தது. நான்கு லேனில் நடைமுறையில் அவ்வளவுதான் வரும், ஆகவே அது குறையில்லை. பிறகு முதல் எஸ்.எஸ்.டி.யிலிருந்து இரண்டாவது எஸ்.எஸ்.டி.க்கு ஒரு பெரிய வீடியோ கோப்பை நகலெடுக்க விட்டு, அதே அளவீட்டை மறுபடி ஓட்டினேன். 3.2 என்பது 1.7-க்குச் சரிந்தது. நகலெடுப்பு முடிந்த நொடியில் மறுபடி 3.2.

அவருடைய "சில நேரம்" எது என்று அப்போது புரிந்தது. தொகுப்பு மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளை இரண்டாவது எஸ்.எஸ்.டி.யில் எழுதும் நேரங்கள் அவை. அந்த எஸ்.எஸ்.டி.யும் சிப்செட்டின் கிளை. கார்டும் சிப்செட்டின் கிளை. இரண்டுக்குமான தரவு பிராசசர் பக்கத்திலிருந்து சிப்செட்டை நோக்கி ஒரே திசையில் ஒரே வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது. தீர்வுக்கு ஒரு ரூபாய் உதிரிபாகமும் தேவைப்படவில்லை. கேப்சர் கார்டுக்கு நான்கு லேன் போதும். அது கீழே போனது, கிராபிக்ஸ் கார்டு மேலே ஏறியது. அதன்பின் நகலெடுப்பு ஓடும்போதும் ஓடாதபோதும் அளவீடு ஒன்றாகவே இருந்தது.

இதில் திசை முக்கியம். பிசிஐஇ இருவழிச் சாலை. மேலே போவதும் கீழே வருவதும் தனித்தனித் தடம். சிப்செட்டில் உள்ள எஸ்.எஸ்.டி.யிலிருந்து விளையாட்டின் தரவைப் படிக்கும்போது அது பிராசசரை நோக்கி மேலே போகிறது. அங்கிருந்து கார்டுக்கு வரும்போது கீழே இறங்குகிறது. ஆகவே படிப்பதும் கார்டுக்கு அனுப்புவதும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதில்லை. எஸ்.எஸ்.டி.யில் எழுதும்போதுதான் மோதல். இந்த வேறுபாடு தெரியாமல் வட்டிலிருந்து படிக்கும் சோதனையை ஓட்டிப் பார்த்து, "ஒன்றும் மாறவில்லை, பங்கீடு இல்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதிப்பதென்றால் எழுதவிட்டுச் சோதியுங்கள்.

உங்கள் பி450-இல் இந்த வாசல் நெரிசல் அவ்வளவு கடுமையாக இருக்க வாய்ப்பில்லை. கீழ் ஸ்லாட்டே 2 ஜிபிக்கு மேல் கேட்காது, 3.9 ஜிபி வாசலில் மீதிப் பாதி காலியாகவே இருக்கும். உங்கள் குறுகல் வாசலில் இல்லை, ஸ்லாட்டின் வாயிலேயே இருக்கிறது. எனவே இரண்டாவது எஸ்.எஸ்.டி. இந்தத் திக்கலுக்குக் காரணமாக இருப்பது கடினம். ஆனால் கார்டை மேலே ஏற்றியபின் x16 வராமல் x8 வந்தால், அப்போது எஸ்.எஸ்.டி. பாகம் பிரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும், ஒரு நேரடி யுஎஸ்பியில் லினக்ஸை ஏற்றிச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கும் இன்னும் தெளிவான வழி இருக்கிறது. முதலில் `lspci | grep -i vga` கொடுத்துக் கார்டின் முகவரியைக் கண்டுபிடியுங்கள். அது `06:00.0` என்று வைத்துக்கொள்வோம்.

```
sudo lspci -vv -s 06:00.0 | grep -E 'LnkCap:|LnkSta:'
readlink -f /sys/bus/pci/devices/0000:06:00.0
```

முதல் கட்டளையில் `LnkCap` கார்டின் உச்சம், `LnkSta` இப்போதைய நிலை. `Speed 5GT/s (downgraded), Width x4 (downgraded)` என்று வந்தால் இரண்டாம் தலைமுறை, நான்கு லேன். இரண்டாவது கட்டளை கார்டு எந்த வழியாகப் பிராசசரை அடைகிறது என்பதை முழு முகவரியாகக் காட்டும். உங்களைப் போன்ற ரைசன் கணினியில், மேல் ஸ்லாட்டில் இருக்கும் என்விடியா கார்டுக்கு `pci0000:00` என்பதற்குப் பிறகு ஒரே ஒரு முகவரி இருக்கும், அடுத்து கார்டு. சிப்செட் வழியாகப் போனால் நடுவில் மேலும் இரண்டு முகவரிகள் வரும், சிப்செட்டின் உள்வாசலும் வெளிவாசலும். இன்டெல் கணினியில் இப்படி எண்ணிப் பயனில்லை. அங்கே சிப்செட்டின் துறைகளும் பிராசசரின் துறைகள் போலவே நேரடியாகத் தெரியும். பதிலாக முகவரியைப் பாருங்கள்: `00:01.0` என்றால் பிராசசரின் கிராபிக்ஸ் துறை, `00:1c` அல்லது `00:1d` என்று தொடங்கினால் சிப்செட்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரேடியான் ஆர்எக்ஸ் 5000 வரிசையிலிருந்து கார்டுக்குள்ளேயே ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது. கிராபிக்ஸ் சிப்பின் முகவரியைக் கேட்டால், அது அந்த உள் ஸ்விட்சோடு தனக்குள்ள இணைப்பைச் சொல்லும், அதாவது பெரும்பாலும் 16 லேன், 16GT/s. கார்டு நான்கு லேன் ஸ்லாட்டில் தவித்துக்கொண்டிருந்தாலும் அந்த வரி அழகாகவே இருக்கும். `lspci` பட்டியலில் `Upstream Port of PCI Express Switch` என்று இருக்கும் முகவரியின் `LnkSta`-வைப் பாருங்கள். மதர்போர்டுடனான உண்மையான இணைப்பு அதுதான்.

உங்கள் கணினிக்கு வருவோம். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்னோட்டத்தை வடியவிடுங்கள். கார்டின் மின் இணைப்பைக் கழற்றி, பின்பக்கத் திருகை எடுத்து, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டை அழுத்தித் திறந்தபின்தான் கார்டை இழுக்க வேண்டும். மேல் ஸ்லாட்டில் பூட்டு 'டிக்' என்று விழும் வரை சமமாக அழுத்துங்கள். மின் இணைப்பை மறக்காமல் மாட்டிவிட்டு, GPU-Z-இன் கேள்விக்குறிச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். `@ x16 3.0` வர வேண்டும்.

வரவில்லை என்றால், அதுவும் இரண்டாவது எம்.2-ஐக் கழற்றியபின்னும் x8 அல்லது x4 என்றே நின்றால், அப்போதுதான் பழுதைப் பற்றி யோசிக்கலாம். முதலில் பயாஸில் மேல் ஸ்லாட்டின் லேன்களைப் பிரிக்கும் அமைப்பை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து கார்டின் தங்க விரல்கள். கேபினட் மாற்றிய கணினிகளில் விரல் ரேகையும் தூசியும் சேர்ந்து ஒரு லேனின் தொடர்பைக் கெடுத்துவிடும். பதினாறில் ஒன்று கெட்டாலும் இணைப்பு பதினைந்தாக நிற்காது, எட்டுக்கோ அதற்கும் கீழோ விழுந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். துடைக்கும்போதே தங்க விரல்களுக்குச் சற்று மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கும் அரிசி நொய் அளவு மின்தேக்கிகளையும் கவனியுங்கள். பூட்டைத் திறக்காமல் கார்டை ஆட்டி இழுத்தாலோ, கேபினட் விளிம்பில் உரசினாலோ அவற்றில் ஒன்று உதிர்ந்துவிடும். வரிசையில் ஒரு பல் விழுந்த இடம்போல இரண்டு வெறும் ஈயப் புள்ளிகள் தெரியும். அந்த லேன் செத்துவிட்டது என்று அர்த்தம். நுண் பற்றவைப்புத் தெரிந்தவரால் அதைச் சரிசெய்ய முடியும். கார்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை. செங்குத்தாக மாட்டும் ரைசர் கேபிள் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுச் சோதியுங்கள்.

இதைப் படித்துவிட்டு வேறு கார்டு வைத்திருப்பவர்கள் யாரும் வீணாகக் கணினியைப் பிரிக்க வேண்டாம் என்பதற்காக இன்னொன்று. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 போன்றவை பிறவியிலேயே 8 லேன் கார்டுகள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 லேன். அவற்றில் x8, x4 என்று வருவதே முழு அளவு. ரைசன் 3 3200ஜி, ரைசன் 5 3400ஜி போன்ற பிராசசர்கள் மேல் ஸ்லாட்டுக்கே 8 லேன்தான் கொடுக்கும்; எந்தக் கார்டைப் போட்டாலும் அங்கே x16 வராது.

காற்றோட்டம் குறித்து: மேல் ஸ்லாட்டில் கார்டின் வெப்பம் சில டிகிரி கூடலாம். GPU-Z-இன் அதே `Sensors` பக்கத்தில் அரை மணி நேர விளையாட்டுக்குப் பின் பாருங்கள். 80 டிகிரிக்குக் கீழே நின்றால் அப்படியே விடலாம். ஏறினால் கேபினட்டின் முன்பக்கம் ஒரு மின்விசிறியைக் கூட்டுங்கள். கார்டை மறுபடி கீழே இறக்க வேண்டாம். மாற்றியபின் சுமையில் வரும் அந்த வரியையும், மதர்போர்டின் முழுப் பெயரையும் இங்கே எழுதுங்கள். x8 வந்தால், எந்த எம்.2 துளை பாகம் பிரிக்கிறது என்று கையேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.